மீன்முள் வரைபடமா, பரேட்டோ வரைபடமா: தரக் கேள்விகளில் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

திட்ட மேலாண்மைத் தேர்விலும் சிக்ஸ் சிக்மா தேர்விலும் தரம் தொடர்பான கேள்விகளைத் தவறவிடுபவர்களில் பலர், வினாவில் "காரணம்" என்ற சொல்லைக் கண்டவுடனே மீன்முள் வரைபடத்தை விடையாகக் குறித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் ஒரு தூண்டில். பரேட்டோ வரைபடத்தாலும் காரணங்களைக் காட்ட முடியும். ஆனால் அந்தக் காரணங்கள் ஏற்கெனவே எண்ணப்பட்டுக் கையில் இருக்க வேண்டும். மீன்முள் வரைபடம் காட்டுபவை இன்னும் எண்ணப்படாத, சந்தேகத்தின் நிலையிலேயே உள்ள காரணங்கள். எனவே வினாவைப் படித்ததும் கேட்டுக்கொள்ள வேண்டியது, "கேள்வி காரணத்தைப் பற்றியதா?" என்பதல்ல, "கையில் எண்ணிக்கை இருக்கிறதா, யூகங்கள் மட்டுமே இருக்கின்றனவா?" என்பதே. தொழிற்சாலையிலும் இதே அளவுகோல்தான் பயன்படும் என்பதால், ஒரே எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து இரண்டு கருவிகளின் இடத்தையும் பார்க்கலாம்.

இரண்டும் எதற்காகப் பிறந்தவை

மீன்முள் வரைபடம் ஜப்பானியப் பொறியாளர் கவோரு இஷிகாவாவின் பெயரோடு இணைந்தது. வலப்பக்கம் மீனின் தலையாக ஒரு விளைவு எழுதப்படும். முதுகெலும்பிலிருந்து பிரியும் பெரிய முட்களில் மனிதர், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் போன்ற பிரிவுகளும், அவற்றிலிருந்து கிளைக்கும் சிறிய முட்களில் அந்த விளைவை உண்டாக்கியிருக்கக்கூடிய காரணங்களும் இடம்பெறும். ஒரு தலைக்கு ஒரு மீன் என்பதே இதன் விதி.

பரேட்டோ வரைபடத்தின் பெயர் இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரடோ பரேட்டோவிடமிருந்து வந்தது. ஆனால் செல்வம் சிலரிடம் குவிந்திருப்பதைப் பற்றி அவர் எழுதியதைத் தரக் குறைகளுக்குப் பொருத்தியவர் தர மேலாண்மை வல்லுநர் ஜோசப் ஜூரான். குறைகளில் பெரும்பகுதி சில வகைகளிலேயே குவிகிறது என்ற பொதுவான போக்குக்குப் பரேட்டோவின் பெயரைச் சூட்டியது சரியல்ல என்று ஜூரானே 1975இல் எழுதினார். வரைபடத்தில் பட்டைகளின் பங்குகளைக் கூட்டிக்கொண்டே ஏறிச் செல்லும் திரள் கோடு உண்மையில் பொருளியலாளர் மாக்ஸ் லொரென்ஸுக்கு உரியது என்பதும் அவர் ஒப்புக்கொண்ட செய்தி. பெயர் எதுவாயினும் கருவி எளிமையானது: உயரமான பட்டை இடப்பக்கம் தொடங்கி, இறங்குவரிசையில் பட்டைகள் நிற்கும், அவற்றின் மேல் திரள் விழுக்காட்டுக் கோடு நூறை நோக்கி ஏறும்.

முதல் படி: எண்ணத் தொடங்குவதற்கு முன் வகைகளை வரையறுத்தல்

திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக அமைத்துக்கொண்டவை. இறுதிச் செக்கிங் மேசையில் ஒரு வாரத்தில் 6,000 பீஸ்கள் பார்க்கப்பட்டு, 400 குறைகள் பதிவாகின்றன. கம்பெனியின் கேள்வி, "குறைகள் அதிகமாக இருக்கின்றன, என்ன செய்யலாம்?" என்பது. இந்த நிலையில் அனைவரையும் அழைத்து மீன்முள் வரைபடம் போட உட்கார்ந்தால், மீனின் தலையில் "தரக் குறைவு" என்றுதான் எழுத முடியும். அந்தத் தலைக்கு உலகத்தில் உள்ள எல்லாக் காரணங்களும் பொருந்தும். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்குப் பிறகு சுவர் முழுவதும் முட்கள் இருக்கும், அடுத்து எங்கே போவது என்பது மட்டும் தெரியாது. ஆகவே முதலில் தேவைப்படுவது தரவரிசை.

தரவரிசைக்கு முன் வகைகளைத் தெளிவாக வரையறுக்க வேண்டும். செக்கிங்கில் ஒருவர் "ஓட்டை" என்று எழுதுவதை மற்றொருவர் "துணிக் குறை" என்று எழுதினால், ஒரே குறை இரண்டு பட்டைகளாகச் சிதறி, இரண்டுமே சிறியவையாகத் தோன்றும். ஒரு பீஸில் இரண்டு குறைகள் இருந்தால் எண்ணுவது பீஸையா, குறையையா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இங்கே நாம் குறைகளை எண்ணுகிறோம்.

இரண்டாம் படி: பரேட்டோ வரைதல்

| குறை | எண்ணிக்கை | விழுக்காடு | திரள் விழுக்காடு |
|---|---|---|---|
| தையல் விட்டுப்போதல் | 152 | 38 | 38 |
| எண்ணெய்க் கறை | 96 | 24 | 62 |
| ஊசி ஓட்டை | 68 | 17 | 79 |
| நிற வேறுபாடு | 32 | 8 | 87 |
| அளவுப் பிழை | 24 | 6 | 93 |
| லேபிள் தவறு | 12 | 3 | 96 |
| மற்றவை | 16 | 4 | 100 |

எக்செலில் இந்த அட்டவணையின் எண்ணிக்கை B2 முதல் B8 வரை இருந்தால், திரள் விழுக்காட்டுக்கான சூத்திரத்தை D2இல் எழுதிக் கீழே இழுத்துவிடலாம்:

```
=SUM($B$2:B2)/SUM($B$2:$B$8)*100
```

"மற்றவை" 16 ஆக இருந்தும் 12 உள்ள லேபிள் தவறுக்குக் கீழே நிற்பதைக் கவனிக்க வேண்டும். பல சிறு வகைகளைச் சேர்த்த மூட்டை என்பதால், அதன் அளவு என்னவாக இருந்தாலும் அதைக் கடைசியில் வைப்பதே வழக்கம். எக்செலில் உள்ள ஆயத்தப் பரேட்டோ வரைபடம் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குவதால் "மற்றவை"யை முன்னால் கொண்டுவந்துவிடும். அதனால் அட்டவணையைக் கையால் அடுக்கி, பட்டையும் கோடும் சேர்ந்த சாதாரணக் கூட்டு வரைபடமாகப் போடுவதே நல்லது.

முதல் மூன்று வகைகள் 79 விழுக்காட்டை எட்டுகின்றன. பரேட்டோவோடு சேர்த்துச் சொல்லப்படும் எண்பதுக்கு இருபது என்பது இயற்கை விதியல்ல, அந்த இரண்டு எண்களும் கூடி நூறாக வேண்டிய கட்டாயமும் இல்லை. எண்பது என்பது குறைகளின் பங்கு, இருபது என்பது வகைகளின் பங்கு. இங்கே ஏழில் மூன்று வகைகள், அதாவது சுமார் 43 விழுக்காடு வகைகள், 79 விழுக்காடு குறைகளைத் தருகின்றன. கோடு செங்குத்தாக ஏறிப் பிறகு வளைகிறதா என்பதே பார்க்க வேண்டியது. பட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்று கோடு நேராக ஏறினால், இந்த வகைப்பாடு எதையும் பிரித்துக் காட்டவில்லை என்று பொருள். அப்போது குறை வகையை விட்டு இயந்திரம், ஷிஃப்ட், துணி லாட் என்று வேறு அடிப்படையில் பிரித்து மீண்டும் வரைய வேண்டும்.

மூன்றாம் படி: எண்ணிக்கையா, இழப்பா

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. நடைமுறையில் தவறான பட்டையைத் தேர்ந்தெடுப்பது இங்கேதான் நேர்கிறது. தையல் விட்டுப்போன பீஸை மறுபடி தைத்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு 5 ரூபாய் என்று கொள்வோம். எண்ணெய்க் கறையைக் கறை நீக்கியால் எடுக்க 6 ரூபாய் ஆகும். ஊசி ஓட்டை விழுந்த பீஸுக்கு மீட்சி இல்லை. அது ரிஜெக்ட், 120 ரூபாய் இழப்பு. நிற வேறுபாடு உள்ள பீஸ் செகண்ட்ஸாக விற்கப்பட்டு 60 ரூபாய் குறைகிறது, அளவுப் பிழையில் 40 ரூபாய் போகிறது.

எண்ணிக்கையை இழப்பால் பெருக்கினால் வரிசை தலைகீழாகிறது. ஊசி ஓட்டையால் 8,160 ரூபாய், நிற வேறுபாட்டால் 1,920 ரூபாய், அளவுப் பிழையால் 960 ரூபாய் இழப்பு. எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த தையல் விட்டுப்போதல் 760 ரூபாயோடும், எண்ணெய்க் கறை 576 ரூபாயோடும் பின்னால் போய்விடுகின்றன. லேபிள் தவறும் மற்றவையும் சேர்ந்து 224 ரூபாய். மொத்த இழப்பு 12,600 ரூபாய் என்றால், அதில் சுமார் 65 விழுக்காடு ஊசி ஓட்டை என்ற ஒரே குறையிலிருந்து வருகிறது.

இரண்டு வரைபடங்களுமே சரியானவை. அவை விடையளிக்கும் கேள்விகள் வேறு. செக்கிங் மேசையின் வேலைச்சுமையைக் குறைக்க வேண்டும் என்றால் முதல் வரைபடம், பண இழப்பைக் குறைக்க வேண்டும் என்றால் இரண்டாம் வரைபடம். தேர்வு வினாவில் செலவு தரப்பட்டிருந்தால், அதைப் பெருக்கிப் பார்க்காமல் விடையைத் தொடக்கூடாது.

நான்காம் படி: ஒரு பட்டையை மீனின் தலையாக்குதல்

இப்போதுதான் மீன்முள் வரைபடத்துக்கான நேரம். தலையில் "ஓவர்லாக் தையல் ஓரத்தில் ஊசி ஓட்டை, வாரத்துக்கு 6,000 பீஸில் 68" என்று எழுதுகிறோம். என்ன குறை, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் தலையில் இருந்தால்தான் முட்கள் கட்டுக்குள் நிற்கும்.

பின்னலாடைத் துணியில் ஊசி ஓட்டை விழுவது, ஊசி நூலிழைகளுக்கு இடையே நுழையாமல் இழையையே அறுப்பதால். அறுந்த வளையம் அப்போதே தெரியாமல், துணி இழுபடும்போதோ துவைத்த பிறகோ ஓட்டையாக விரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய முள்ளாகப் போகலாம். இயந்திரத்தின் கீழ் வருபவை: ஊசியின் முனை தேய்ந்திருப்பது, பின்னல் துணிக்கு உரிய உருண்டை முனை ஊசிக்குப் பதிலாகக் கூர்முனை ஊசி மாட்டியிருப்பது, மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி, தையல் தட்டின் துளையில் பிசிறு, வேகம் கூடி ஊசி சூடாவது. பொருளின் கீழ் வருபவை: துணிக்கு மென்மையூட்டி போதாமல் இழை வறண்டிருப்பது, உலர்த்தும்போது அளவுக்கு மீறிக் காய்ந்துபோனது, பின்னலே இறுக்கமாக இருப்பது. முறையின் கீழ் ஊசி மாற்றும் கால ஒழுங்கு இல்லாமை வருகிறது. மனிதர் என்ற முள்ளில் தைப்பவர் துணியைக் கையால் இழுத்துத் தைப்பதும், சூழலின் கீழ் காற்றில் ஈரப்பதம் குறைந்து பருத்தி வறள்வதும் வருகின்றன.

அளவீடு என்ற முள்ளைப் பலரும் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். தையல் ஓரத்தை இழுத்துப் பார்க்கும் செக்கர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார், இழுக்காமல் பார்ப்பவர் விட்டுவிடுவார். அப்படியானால் ஒரு மேசையில் ஓட்டை அதிகமாகத் தெரிவது தைப்பதில் உள்ள வேறுபாடாக இல்லாமல், பார்ப்பதில் உள்ள வேறுபாடாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்காமல் மேலே போனால் அடுத்து எடுக்கும் எல்லாத் தரவும் பழுதாகும்.

கூட்டத்தில் இரண்டு பிழைகள் வழக்கமாக நேர்கின்றன. ஒன்று, காரணத்தின் இடத்தில் தீர்வை எழுதுவது: "பயிற்சி தரவில்லை", "நல்ல ஊசி வாங்கவில்லை" என்பவை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவரின் குரல்கள். "தைப்பவர் துணியை இழுக்கிறார்" என்பது போய்ப் பார்க்கக்கூடிய காரணம்; முள்ளில் அதுதான் இருக்க வேண்டும். மற்றொன்று, கூட்டத்தில் கைதூக்கி வாக்கெடுத்து, அதிக வாக்கு பெற்ற முள்ளை மூலகாரணம் என்று அறிவிப்பது. வாக்குகளை எண்ணிப் பட்டைகளாக அடுக்கி அதற்குப் பரேட்டோ என்று பெயர் வைப்பதையும் பார்க்க முடிகிறது. அது அபிப்பிராயங்களின் தரவரிசையே தவிர, குறைகளின் தரவரிசை அல்ல. எதை முதலில் சரிபார்ப்பது என்று தீர்மானிப்பதற்கு மட்டும் அது உதவும்.

ஐந்தாம் படி: முட்களை எண்களாக்குதல்

மீன்முள் வரைபடம் முடிந்ததும் செய்ய வேண்டியது திருத்த நடவடிக்கை அல்ல, சரிபார்ப்பு. அடுத்த வாரச் செக்கிங் தாளில் ஒவ்வொரு ஊசி ஓட்டைக்கும் எதிரே இயந்திர எண், துணி லாட், ஊசி மாற்றிய நாள் என்ற மூன்று கட்டங்களைச் சேர்க்கிறோம். எல்லாச் செக்கர்களும் ஓரத்தை ஒரே விதமாக இழுத்துப் பார்க்க வேண்டும் என்றும் முடிவாகிறது. அந்த வாரம் 6,000 பீஸில் 70 ஊசி ஓட்டைகள் கிடைக்கின்றன.

பத்து ஓவர்லாக் இயந்திரங்களில் ஒன்றுகூட ஐந்துக்குக் கீழேயோ ஒன்பதுக்கு மேலேயோ போகவில்லை. புதிய ஊசியிலும் பழைய ஊசியிலும் ஓட்டை ஒரே போலத்தான் விழுகிறது. லாட் வாரியாகப் பிரிக்கும்போது முதல் லாட்டில் 12, இரண்டாவதில் 49, மூன்றாவதில் 9. எழுபதில் 49 என்றால் சரியாக 70 விழுக்காடு. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துப் பட்டை போடக்கூடாது. இரண்டாம் லாட்டில்தான் அதிகப் பீஸ்கள் தைக்கப்பட்டிருந்தால் அதில் அதிக ஓட்டை வருவது இயல்பு. தைத்த அளவைப் பார்த்தால் முதல் லாட்டில் 2,400 பீஸ், மற்ற இரண்டிலும் 1,800 வீதம். நூறு பீஸுக்கு என்று கணக்கிட்டால் முதல் லாட்டிலும் மூன்றாம் லாட்டிலும் அரை ஓட்டை, இரண்டாவதில் 2.7 ஓட்டை. வேறுபாடு உண்மையானதே.

கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது ஊசியாக இருந்திருக்கும். தரவு கைகாட்டுவது துணியை. அப்போதும் "இரண்டாம் லாட்" என்பது இடமே தவிரக் காரணம் அல்ல. வறண்ட இழைதான் காரணமா என்று தெரிந்துகொள்ள, அதே லாட்டின் துணியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் மீண்டும் மென்மையூட்டியில் முக்கி எடுத்து, ஒரே இயந்திரம், ஒரே வகைப் புது ஊசி, ஒரே வேகம் ஆகியவற்றில் ஒரே நீளத்துக்குத் தைத்து, தையல் நூலைப் பிரித்தெடுத்து, அறுந்த வளையங்களை உருப்பெருக்கியில் எண்ண வேண்டும். முக்காத பாதியில் 43, முக்கி எடுத்த பாதியில் 6 என்று வந்தால், அந்த முள் யூகம் என்ற நிலையிலிருந்து காரணம் என்ற நிலைக்கு உயர்கிறது. சாயப்பட்டறைக்கு அனுப்பும் குறிப்பில் மென்மையூட்டியின் அளவையும் உலர்த்தும் வெப்பத்தையும் பற்றி எழுதுவதற்கு இப்போதுதான் அடிப்படை கிடைக்கிறது.

லாட் வாரியாக எண்ணி அடுக்கிய வரைபடமும் பரேட்டோதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக, வரிசை பரேட்டோ, மீன்முள், மீண்டும் பரேட்டோ என்று செல்கிறது. தொடக்கத்தில் கூறிய தூண்டில் பிறப்பது இந்த மூன்றாவது இடத்தில்தான்.

வினாவில் எப்படி வரும்

"வாடிக்கையாளர் ஒருவர் மென்பொருள் மெதுவாக இயங்குகிறது என்று புகார் கூறுகிறார். அதற்கு இருக்கக்கூடிய காரணங்கள் அனைத்தையும் குழு தொகுக்க விரும்புகிறது." இதில் ஒரு விளைவு இருக்கிறது, எண்ணிக்கை இல்லை, விடை மீன்முள் வரைபடம்.

"மூன்று மாதங்களில் பதிவான 500 இயந்திர நிறுத்தங்களின் காரணங்கள் வகைவாரியாகக் கையில் உள்ளன. பெரும்பாலான நிறுத்தங்களுக்குப் பொறுப்பான சில காரணங்களை மேலாளர் அறிய விரும்புகிறார்." காரணம் என்ற சொல் வந்தாலும் அவை எண்ணப்பட்டவை, விடை பரேட்டோ.

"பரேட்டோவில் ஒரு குறை முதலிடத்தில் நிற்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்றால் மீன்முள் அல்லது ஐந்து முறை ஏன் என்று கேட்கும் முறை. "மீன்முள் முடிந்துவிட்டது, அடுத்து?" என்றால் தரவு திரட்டிச் சரிபார்ப்பதே விடை. உடனே செயல்முறையை மாற்றுவது என்ற தெரிவு அருகிலேயே இருக்கும், அதில் விழுந்துவிடக்கூடாது. இரண்டுமே பொருந்தாத வினாக்களும் உண்டு: காலப்போக்கில் செயல்முறை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டால் கட்டுப்பாட்டு வரைபடம், வேகம் கூடக்கூட ஓட்டை கூடுகிறதா என்று இரண்டு அளவுகளின் தொடர்பைக் கேட்டால் சிதறல் வரைபடம்.

சற்றுக் கடினமான வினா ஒன்று, திருத்தத்துக்குப் பிந்தைய பரேட்டோவைப் பற்றியது. நமது கம்பெனியில் ஊசி ஓட்டை 68இலிருந்து 19 ஆகக் குறைந்து, மற்ற குறைகள் அப்படியே இருந்தால் மொத்தம் 351 ஆகிறது. தையல் விட்டுப்போதல் அதே 152 தான். ஆனால் அதன் பங்கு 38 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக ஏறியிருக்கும். "தையல் தரம் சரிந்துவிட்டது" என்ற தெரிவு வினாவில் காத்திருக்கும். அது தவறு, குறைந்திருப்பது வகுக்கும் எண்ணான மொத்தம்தான். அதனால்தான் முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டு வரைபடங்களையும் ஒரே கால அளவுக்கும் ஒரே பீஸ் எண்ணிக்கைக்கும் எடுத்து, இடப்பக்க அச்சில் விழுக்காட்டுக்குப் பதிலாக எண்ணிக்கையை வைத்து, இரண்டிலும் அச்சு 400 வரை ஒரே அளவில் இருக்கும்படி வரைகிறார்கள். புதிய வரைபடத்தில் திரள் கோடு முடிவது 400இல் அல்ல, 351இல்.